பட்டியலின் முதல் விலை

புனே நகரின் இலட்சுமி சாலையில் பைத்தானிப் பட்டுப் புடவை விற்கும் கடைகள் உள்ளன. அத்தகைய கடையொன்றின் விலைப்பட்டியல் 60,000 ரூபாயில் தொடங்கி, 18,000, 6,000 என இறங்குவதாகக் கொள்க. மேலிருந்து படிப்பவருக்கு 18,000 ரூபாய் நியாயமான விலையாகத் தோன்றும். கீழிருந்து படிப்பவருக்கோ அதுவே மும்மடங்கு விலை. புடவை மாறவில்லை, முதலில் கண்ட எண்ணே மனத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

டிவெர்ஸ்கி, கானமன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனை விளக்கினர். சுழல்சக்கரம் 10இல் நிற்கக் கண்டோர், ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் ஏறத்தாழ 25 விழுக்காடு என மதிப்பிட்டனர். 65இல் நிற்கக் கண்டோர் 45 என்றனர். சக்கரத்திற்கும் வினாவிற்கும் தொடர்பே இல்லை! எனினும், பிற கடைகளின் விலையை முன்னரே அறிந்து வருபவரிடம் இவ்வுத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை.