அன்று எழுதிய தாளே பதில் சொல்லட்டும்

மாநில மருத்துவக் கவுன்சிலிலிருந்து ஒரு டாக்டருக்கு நோட்டீஸ் வருகிறது. உள்ளே நோயாளியோ அவருடைய குடும்பத்தாரோ கொடுத்த புகாரின் நகல். இத்தனை நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்ற உத்தரவு. பெரும்பாலான டாக்டர்களுக்கு உடனே எழுதத் தோன்றுவது ஒரே பதில்தான்: புகார் முழுவதும் பொய், எனக்கு இத்தனை ஆண்டு அனுபவம், என் மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை. இந்தப் பதில் அவருக்கு எந்தவிதத்திலும் உதவாது என்பது என் உறுதியான கருத்து. கவுன்சிலில் பதிலைப் படிப்பவர்களும் டாக்டர்கள்தான். நல்லவரா கெட்டவரா என்று அவர்கள் கேட்கவில்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நோயாளிக்கு, என்ன செய்தார், ஏன் செய்தார், யாரைக் கேட்டுச் செய்தார் என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியாகப் பிரித்து, அதற்கு அன்றைக்கே எழுதப்பட்ட தாளை எடுத்து வைப்பதுதான் பதில். அந்தத் தாள் தனக்கு எதிராகப் பேசினால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த ஒரு தில்லி வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1995 மே 9 அன்று, மாதவிடாய் உதிரப்போக்கு நிற்காததால் 44 வயதுப் பெண் ஒருவர் மகப்பேறு மருத்துவரிடம் போனார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி டாக்டர் வெளியே வந்து அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கினார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அந்தப் பெண் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் அதைத் தள்ளுபடி செய்ய, அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். இது நுகர்வோர் வழக்கு, கவுன்சில் விசாரணை அல்ல. ஆனாலும் டாக்டர் பதில் எழுதும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்தப் புகாருக்குள் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி உறுப்புகளை எடுத்துவிட்டார் என்பது. மற்றொன்று, சம்மதம் இல்லாமல் எடுத்தார் என்பது. முதலாவதில் டாக்டர் தரப்பு நின்றது. எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருந்தது உண்மை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில் டாக்டர் கைகாட்டிய சம்மதப் படிவமே அவருக்கு எதிராகத் திரும்பியது. நோயாளி கையெழுத்திட்டிருந்தது லேப்ராஸ்கோப்பிக்கு. தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. கர்ப்பப்பையை அகற்றுவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முன்னமே பேசி வைத்திருந்தோம் என்று சொல்லவும் ஆதாரம் கிடைக்கவில்லை. மே 9-ம் தேதி ஓ.பி. சீட்டில் எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேச்சே இல்லை. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண், சில மணி நேரம் மயக்கத்தில் இருக்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அப்படியிருக்கத் தாயின் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று ஒப்புக்கொண்டும், அவர் கட்டணம் பெற முடியாது, 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல எண்ணத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் சம்மதப் படிவத்தில் இல்லாத வரியை அது நிரப்பாது.

கவுன்சில் விசாரணையிலும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். மருத்துவர்களின் தொழில் நடத்தைக்கான 2002-ம் ஆண்டு விதிகளின்படி, எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அறுவை சிகிச்சை செய்வதே ஒழுங்கீனம். உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். தராவிட்டால் அதுவும் ஒழுங்கீனம். இந்த விதி உள்நோயாளிகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஓ.பி. சீட்டு பெரும்பாலும் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். மேலே சொன்ன வழக்கில் கேள்விக்குள்ளானதோ அந்த ஓ.பி. சீட்டு. சந்தேகப்பட்ட நோயின் பெயரையும், சொல்லிய மாற்று வழிகளையும் அதில் இரண்டு வரி எழுதி, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் டாக்டருக்குப் பின்னாளில் பதில் எழுதுவது எளிது.

"கேஸ் ஷீட்டை எழுதுவதே டாக்டர்தானே, தனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள மாட்டாரா?" என்று நோயாளிகளின் தரப்பில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மருத்துவமனை ஆவணம் ஒரே கையால் எழுதப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, அறுவை சிகிச்சை முடிந்த இரவு ரத்த அழுத்தம் குறைந்தபோது யாரும் வந்து பார்க்கவில்லை என்று ஒரு புகார் இருக்கட்டும். இரவு 11.40-க்கு அழுத்தம் குறைந்தது, டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொன்னோம் என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். 11.50-க்கு டாக்டரின் குறிப்பு இருக்கிறது. 12.25-க்கு ரத்தம் கொடுத்ததாக ரத்த வங்கிப் பதிவேடு சொல்கிறது. லேப் ரிப்போர்ட்டில் இயந்திரமே அச்சிட்ட நேரம் இருக்கிறது. நான்கு இடங்களில் உள்ள நேரம் ஒன்றோடொன்று பொருந்தினால், "யாரும் வரவில்லை" என்ற வாக்கியத்துக்கு அதுவே பதில். நர்ஸ் 11.40 என்று எழுதியிருக்க, டாக்டரின் குறிப்பு 1.30 என்றால், அந்த இடைவெளிக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த வார்டில் இன்னொரு நோயாளிக்கு அவசர சிகிச்சை நடந்திருந்தால் அந்த வார்டின் பதிவு இருக்கும், அதை இணைக்கலாம். காரணம் இல்லையென்றால் தாமதம் நடந்தது என்று எழுதுவதுதான் வழி.

டாக்டர்களின் தரப்பிலும் ஓர் எதிர்வாதம் உண்டு: கூட்டம் நெரியும் ஓ.பி.யில் எல்லாவற்றையும் எழுத நேரமில்லை, எழுதாததாலேயே செய்யவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் எழுதாததை எழுதியதுபோல் காட்டவும் கூடாது. பதிலில் மூன்றைக் கலக்காமல் வைக்க வேண்டும்: தாளில் இருப்பது இது, என் நினைவில் இருப்பது இது, மருத்துவக் கருத்தாக நான் சொல்வது இது. புகார் வந்த பிறகு கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்ப்பதைப் போலத் தற்கொலைக்குச் சமமான காரியம் வேறில்லை. முதலிலேயே நகல் வாங்கிப்போன நோயாளியின் கையில் அந்த வரி இருக்காது. அப்போது அந்த ஒரு வரியோடு மீதி ஆவணம் முழுவதும் நம்பிக்கை இழக்கும். உண்மையிலேயே விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு நேர்மையான முறை இருக்கிறது. பழைய வரியை மாற்றுவதானால் அதைப் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பின்னர் எழுதியது என்று குறிப்பிட்டு, எழுதிய தேதி, நேரம், கையெழுத்து போட வேண்டும். அதையும் சிகிச்சை நடக்கும்போதே செய்ய வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு செய்யக்கூடாது.

"எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்" என்று வக்கீல் சொல்லலாம். ஆனால் சட்டமே டாக்டரிடம் குறையே இல்லாத தன்மையை எதிர்பார்க்கவில்லை. சிகிச்சையில் முடிவு தவறிப்போனதாலேயே அது அலட்சியம் ஆகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பெற, ஏன் அந்த முடிவை எடுத்தார் என்பது அன்றைய தாளில் தெரிய வேண்டும். இரண்டு சிகிச்சைகளில் ஒன்றைத் தேர்ந்த காரணம் ஒரு வரியில் இருந்தாலே, தவறிப்போன முடிவும் நியாயமான முடிவாக நிற்கும்.

ஆகவே டாக்டர்களுக்குச் சொல்வது இதுதான்: நோட்டீஸ் வந்தால் குற்றச்சாட்டுகளுக்கு எண் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆவணத்தின் பக்க எண்ணை எழுதுங்கள், ஆவணம் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதுங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: சந்தேகம் வந்த அன்றே எழுத்தில் கேட்டு கேஸ் ஷீட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 72 மணி நேரத்துக்குள் அதைப் பெறுவது உங்கள் உரிமை.