உடம்பின் செலவுக் கணக்கு – 14: சூத்திரத்துக்குள் இத்தாலியர்கள்

சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரமான பின், விழித்தபடி அசையாமல் படுத்திருக்கும் உடம்பு எரிக்கும் கலோரிதான் பி.எம்.ஆர். என்று பார்த்தோம். காய்ச்சல் கண்டவருக்கு அதில் எவ்வளவு கூட்டுவது என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

உணவியல் தேர்வில் வழக்கமாக வரும் கேள்விதான். நோயாளி ஆண், வயது 45, எடை 60 கிலோ. முதுகுவலிக்காகப் படுக்கையில் இருக்கிறார். காய்ச்சலோ காயமோ இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும்?

1985இல் உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் தந்த சூத்திரம், 30 முதல் 60 வயது ஆண்களுக்கு எடையை 11.6ஆல் பெருக்கி 879 கூட்டச் சொல்கிறது. 696உம் 879உம் சேர்ந்து 1575. படுக்கையில் இருப்பவருக்கு 1.2ஆல் பெருக்கினால் 1890 கலோரி. மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் அந்த 11.6உம் 879உம் யாருடைய உடம்பிலிருந்து வந்தன? ஸ்கோஃபீல்ட் என்ற ஆய்வாளர் திரட்டிய சுமார் ஏழாயிரம் அளவீடுகளிலிருந்து. அவற்றில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையவை! அதிலும் படைவீரர்களும் காவல் பயிற்சி மாணவர்களும் ஏராளம். உடற்பயிற்சியில் இறுகிய இளைஞர்கள். ஒரு கிலோ எடைக்கு அவர்கள் எரித்தது மற்றவர்களைவிட அதிகம். வெப்பமண்டலத்து மக்களின் அளவீடுகள் அந்தக் குவியலில் மிகக் கொஞ்சம். உலகம் முழுவதற்குமான சூத்திரத்தை இத்தாலியர்களே ஒரு பக்கம் சாய்த்துவிட்டார்கள் என்பதை வாசித்ததிலிருந்து என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதனால்தான் சுமார் ஐந்து சதவீதம் குறைத்துக்கொண்டது. அதன் பழைய சூத்திரப்படி எடையை 10.9ஆல் பெருக்கி 833 கூட்ட வேண்டும். 654உம் 833உம் 1487. அதை 1.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1784. ஒரே மனிதர், ஒரே படுக்கை; நூறு கலோரிக்கு மேல் வித்தியாசம். காரணம் இனமல்ல, தசை. ஒரே எடையில் நம்மவர்களுக்குச் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். எரிப்பது பெரும்பாலும் கொழுப்பில்லாத பகுதிதான்.

எடையே பொய் சொல்லும் இடமும் உண்டு. சிறுநீரக நோயாளிக்குக் காலில் 6 கிலோ நீர் கோத்திருந்தால், எடை எந்திரம் காட்டும் எண்ணை அப்படியே போடக் கூடாது. நீர் எதையும் எரிப்பதில்லை. அழுத்தினால் கணுக்காலில் குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டு, வீக்கம் வடிந்த எடையைச் சூத்திரத்தில் இட வேண்டும். சூத்திரம் தருவது தொடக்க எண் மட்டுமே. ஓரிரு வாரம் எடையைக் கவனித்துத்தான் உணவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

காய்ச்சலுக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்கு 13 சதவீதம் என்ற பழைய கணக்கு, அடுத்த வாரம்.