பலகையில் 24 டிக்கெட்

வேலை முடிய ஏன் இவ்வளவு நாளாகிறது என்று கேட்டால், ஆள் போதாது என்பார்கள், வேகம் போதாது என்பார்கள். கையில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி அதைத்தான் எண்ணச் சொல்கிறது. நிலுவையில் இருப்பவற்றின் சராசரி = முடிக்கும் வீதம் × ஒவ்வொன்றும் எடுக்கும் சராசரி நாள். வரிசைக் கோட்பாட்டில் இதை L = λW என்று எழுதுவார்கள்.

ஆறு பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவை எடுத்துக்கொள்வோம். 20 வேலை நாட்களில் 40 டிக்கெட்டுகளை முடிக்கிறார்கள். அதாவது நாளுக்கு 2. தினமும் மாலையில் பலகையில் திறந்திருப்பவற்றை எண்ணிக் கூட்டினால் 480 வருகிறது. 20ஆல் வகுத்தால் சராசரி நிலுவை 24.

ஒரு டிக்கெட் ஒரு நாள் திறந்திருந்தால் அந்தக் கூட்டலில் ஒன்று சேரும். எனவே 480 என்பது எல்லா டிக்கெட்டுகளும் பலகையில் கழித்த மொத்த நாட்கள். அதே 480ஐ முடிந்த 40ஆல் வகுத்தால், ஒன்றுக்கு 12 நாள். ஒரே தொகையை நாள்வாரியாகவும் டிக்கெட்வாரியாகவும் பங்கிடுகிறோம், அவ்வளவுதான். சிறியது பெரியது, எது முதலில் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. விதியின் அழகே அதில்தான் இருக்கிறது.

ஆறு பேர் நாளுக்கு 2 முடித்தால், ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் உழைப்பு அதிகபட்சம் 3 ஆள்-நாள். ஒரு டிக்கெட்டை ஒருவரே பார்க்கிறார் என்றால், குறைந்தது 9 நாள் அது வெறுமனே காத்துக் கிடக்கிறது. பழையது முடியும்வரை புதியதைத் தொடாமல் நிலுவையை 12ஆகக் குறைத்தால், முடிக்கும் வீதம் மாறாதவரை, 6 நாளில் முடியும். ஆனால் 6க்கும் கீழே இறக்கினால் சிலருக்கு வேலையே இருக்காது. அப்போது வீதம் சரியும், நாள் குறையாது.

விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடங்குவதும் முடிவதும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் நடக்க வேண்டும், எதுவும் பலகையில் உறைந்துவிடக் கூடாது. 24இல் நான்கு டிக்கெட்டுகள் மாதம் முழுக்க அசையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை மட்டும் 80 நாளை விழுங்கிவிடுகின்றன. மீதி 400ஐ 40ஆல் வகுத்தால் 10தான் வரும். முடிந்தவற்றின் பதிவேடு 10 நாள் என்கிறது, விதி 12 என்கிறது. இந்த இடைவெளி தெரிந்தால் சராசரியை நம்ப வேண்டாம். திறந்திருக்கும் டிக்கெட்டுகளை வயதுவாரியாக அடுக்கிப் பாருங்கள். அந்த நான்கும் மேலே வந்து நிற்கும்.