திங்கட்கிழமை சேருபவருக்கு வியாழக்கிழமையே ஒரு மெயில்

புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு எழுதும் வரவேற்பு மெயில், சில சமயம் அவரால் திறக்கவே முடியாத முகவரிக்குப் போய்விடுகிறது. பல அலுவலகங்களில் மெயில் ஐடி முதல் நாள்தான் கைக்கு வரும். அதுவரை அட்டவணையும் மீட்டிங் அழைப்புகளும் அங்கேயே கிடக்கும். ஆகவே முதல் மெயில் அவருடைய சொந்த முகவரிக்குத்தான் போக வேண்டும். அதில் அலுவலக லாகின் கேட்கும் இணைப்புகளை வைத்தாலும் பயனில்லை; அவசியமானதை மெயிலிலேயே எழுதிவிடலாம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக ஒரு பெண் திங்கட்கிழமை சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெயில் வியாழக்கிழமையே போனால், வெள்ளிக்கிழமை சந்தேகம் கேட்கலாம். ஊரில் இருக்கும் சான்றிதழை வார இறுதியில் எடுத்து வரலாம். எத்தனை மணிக்கு வருவது, எந்த வாசல், யாரைக் கேட்பது, கொண்டு வரவேண்டிய பான், ஆதார், வங்கி விவரம், பழைய வேலையின் யுஏஎன் எண்: இவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். நிறுவன வரலாறு பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

அடுத்தது கருவிகள். இங்கே வரிசைதான் எல்லாம். முதலில் லேப்டாப், அலுவலக மெயில், பிறகு கைபேசியில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதன்பின் விபிஎன், கடைசியில் பிழைகளைப் பதியும் ஜிரா. வரிசை தெரியாமல் ஜிராவில் தொடங்கினால், உறுதிப்படுத்தும் மெயில் இன்னும் திறக்காத பெட்டிக்குப் போகும். திங்கள் காலை முழுவதும் இதற்கே போய்விடும் என்பதால் அன்று வேறு வேலை வைக்காதிருப்பதே நல்லது. ஒவ்வொரு கருவிக்கும் நேராக அது எதற்கு, அனுமதி தருபவர் யார் என்று எழுத வேண்டும். அனுமதி தருபவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தால், மாற்று ஆளின் பெயரும் வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மெயிலில் எழுதவே கூடாது.

சந்திக்க வேண்டியவர்கள் என்று பன்னிரண்டு பெயரையும் பதவியையும் அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. நான்கு பேர் போதும். ஒருவரைப் பற்றி இப்படி எழுதலாம்: “பில்லிங் பக்கத்தை எழுதியவர் இவர்தான். அங்கே எது பிழை, எது வேண்டுமென்றே வைத்தது என்று இவருக்குத் தெரியும். செவ்வாய் 11 மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்.” நேரத்தை அவரிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும், கேட்காமல் எழுதினால் புதியவர்தான் வாசலில் சங்கடத்தோடு நிற்பார்.

புதனும் வியாழனும் பழைய பிழைப் பதிவுகளைப் படித்து, பக்கத்தில் அமர்ந்து பார்க்க. வெள்ளிக்கிழமைக்கு ஒரே வேலை: பில்லிங் பக்கத்தைச் சோதித்து, ஒரு சிறு பிழையைத் தன் பெயரில் ஜிராவில் பதிவது. அந்தப் பதிவு வராவிட்டால், எந்த அனுமதி எங்கே சிக்கியிருக்கிறது என்று அன்றே தேடிப் பார்த்துவிடலாம்.