வேலையை முடித்தது யார்?

ஆங்கிலத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வருவதுண்டு. இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து, பொருள் மாறாமல் ஒன்றாக்கச் சொல்வார்கள். பல தலைமுறை மாணவர்கள் புரட்டிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் இதற்கென்றே பாடம் இருக்கிறது. வாக்கியங்களை ஒட்டுவதை மாணவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். தவறு நேர்வதெல்லாம் ‘பொருள் மாறாமல்’ என்ற நிபந்தனையில்தான்.

‘ரவி ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க். ஹி வென்ட் ஹோம்.’ வேலையை முடித்தவனும் வீட்டுக்குப் போனவனும் ரவியே. ஆகவே ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க், ரவி வென்ட் ஹோம்’ என்றால் முழு மதிப்பெண். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: ‘த ஆஃபீஸ் வாஸ் லாக்ட்’, அதாவது அலுவலகம் பூட்டப்பட்டது. அதே சூத்திரத்தில் ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க், த ஆஃபீஸ் வாஸ் லாக்ட்’ என்று எழுதினால், வேலையை முடித்தது அலுவலகம் என்றாகிவிடும். காரணம் எளிது. பார்ட்டிசிபிள் தொடருக்குச் சொந்தமாக எழுவாய் கிடையாது; காற்புள்ளிக்குப் பின் வரும் பெயரைத் தன் எழுவாயாக எடுத்துக்கொள்கிறது.

தமிழ் பேசுபவர்கள் இந்த இடத்தில் அதிகம் சறுக்குவதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். ‘வந்து’, ‘முடித்து’ போன்ற வினையெச்சங்களுக்கும் முடிக்கும் வினைக்கும் ஒரே எழுவாய் இருக்க வேண்டும் என்பதுதான் தமிழிலும் பொதுவிதி. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருந்தால் தமிழ் சற்றே விட்டுக்கொடுக்கும். மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம், யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலம் இந்தச் சலுகையைத் தருவதில்லை. எழுவாய் இரண்டு என்றால் இரண்டையும் சொல்லியாக வேண்டும்: ‘ரவி ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க், த ஆஃபீஸ் வாஸ் லாக்ட்.’ பேச்சில் இப்படி யாரும் பேசமாட்டார்கள். ஆனாலும் இலக்கணப்படி சரி.

எழுதிய விடையைச் சரிபார்க்க, காற்புள்ளிக்குப் பின் முதலில் நிற்கும் பெயரைத் தொட்டு ‘இதைச் செய்தது இவர்தானா?’ என்று கேட்டால் போதும்.

அடுத்தது ‘ஹூ’, ‘விச்’ போட்டு இணைப்பது. ‘மை பிரதர் லிவ்ஸ் இன் மதுரை. ஹி இஸ் எ டாக்டர்.’ இதை ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்’ என்று இரண்டு காற்புள்ளிகளோடு எழுதினால் மதுரையில் வசிப்பது கூடுதல் தகவல். காற்புள்ளிகளை எடுத்துவிட்டாலோ, பல சகோதரர்களில் மதுரைக்காரரை மட்டும் பிரித்துக் காட்டுவதாகிவிடும். மூல வாக்கியங்களில் அப்படி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. ‘மதுரையில் இருக்கும் என் அண்ணன் டாக்டர்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுப்பதால், நம்மவர்கள் காற்புள்ளியைப் பெரிதாக நினைப்பதில்லை.

மிகவும் ஏமாற்றுவது ‘டு’ சேர்க்கும் முறைதான். ‘ஷி வென்ட் டு த ஷாப். ஷி பாட் மெடிசின்.’ அவள் கடைக்குப் போனாள், மருந்து வாங்கினாள். இரண்டுமே நடந்து முடிந்தவை. இதை ‘ஷி வென்ட் டு த ஷாப் டு பை மெடிசின்’ என்று சேர்ப்பவர்கள் ஏராளம். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மருந்து வாங்குவது இப்போது வெறும் நோக்கம். கடை மூடியிருந்து அவள் வெறுங்கையோடு திரும்பியிருந்தாலும் இதே வாக்கியம் பொருந்தும். ஒரு செய்தி காணாமல் போய்விட்டது. இங்கே ‘ஹேவிங் கான் டு த ஷாப், ஷி பாட் மெடிசின்’ என்பதே இரண்டு செய்திகளையும் காப்பாற்றும்.

அப்படியானால் ‘டு’ எங்கே பொருந்தும்? இரண்டு வாக்கியங்களில் ஒன்று விருப்பத்தையோ கடமையையோ இயலாமையையோ சொல்லும்போது. ‘ஷி வாண்டெட் டு பை மெடிசின்’ என்று கேள்வியிலேயே இருந்திருந்தால், முன் சொன்ன விடையில் குறையில்லை. ‘ஐ ஹேவ் சம் லெட்டர்ஸ். ஐ மஸ்ட் ரைட் தெம்’ என்பது ‘ஐ ஹேவ் சம் லெட்டர்ஸ் டு ரைட்’ என்று சுருங்கும்போது, ‘மஸ்ட்’ சொன்ன கடமையை ‘டு’ ஏற்றுக்கொள்கிறது. ‘ஹி இஸ் வெரி டயர்ட். ஹி கேனாட் வாக்’ என்பதற்கு விடை ‘ஹி இஸ் டூ டயர்ட் டு வாக்.’ முடியாது என்ற பொருள் ‘டூ’வுக்குள்ளேயே இருக்கிறது. கேள்வியில் மறுப்பு இருந்ததே என்று விடையிலும் ஒரு ‘நாட்’ சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்தால் ‘நடக்காமல் இருக்கக்கூட முடியாத அளவு களைப்பு’ என்று வந்து நிற்கும்.