வாந்திபேதியில் முதலில் தண்ணீர்

ஈப்போ பக்கத்துப் பழைய தோட்டங்களில் ‘வாந்திபேதி’ என்றால் பெரியவர்களுக்குப் புரியும். பாடநூலில் அது காலரா. நோய் பரவும் சமயத்தில், “அரிசி கழுவின தண்ணி மாதிரி போகுது, தாகம் அடங்கல, கண்ணு குழி விழுந்திடுச்சு” என்று மாணவர் வீட்டில் சொன்னால், உடம்பு வற்றிக்கொண்டிருக்கிறது. சில மணி நேரத்தில் உயிரே போகலாம். கிருமிக்கொல்லி மருந்து நோயின் நாளைக் குறைக்கும்; போன நீரைத் திருப்பித் தராது.

கிருமியின் நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. ஆனால் சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வழி கெடுவதில்லை. நீரும் அதன் பின்னே போகும். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதிகள் முகாமில் டிரிப் தட்டுப்பாடானபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பி உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கிளினிக் போகும் வழியிலும் நிறுத்த வேண்டாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அவருக்கு டிரிப்தான் வேண்டும். உடனே 999 அழையுங்கள்.