யார் செய்தது, யார் செய்வித்தது?

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தேன், பழைய நகையை அழித்துப் புது வளையல் செய்தேன், தீபாவளிக்கு இரண்டு சட்டை தைத்தேன் என்றெல்லாம் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். மட்டையைப் பிடித்தவர் வேறொருவர், பொன்னை உருக்கியவர் ஆசாரி, ஊசி நடந்தது தையல்காரர் கையில். கேட்பவருக்கு அது தெரியும் என்பதால் நாம் அதைத் தனியே சொல்வதில்லை. சொல்ல நினைத்தால் 'தைக்கக் கொடுத்தேன்' என்றோ 'வெள்ளையடிக்கச் சொன்னேன்' என்றோ சொல்லத் தமிழில் வழி உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை.

ஆங்கிலத்தில் இது கட்டாயம். 'ஐ பெயிண்டட் மை ஹவுஸ்' என்றால் தூரிகையைப் பிடித்தது நான்தான். ஆள் வைத்துச் செய்திருந்தால் 'ஐ ஹேட் மை ஹவுஸ் பெயிண்டட்' என்று அமைப்பையே மாற்றியாக வேண்டும். தமிழை மனத்தில் வைத்து ஆங்கிலம் எழுதுகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதி இந்த இடத்தைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறது.

கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் இதற்குக் 'கீ வேர்டு டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று பெயர். முதலில் முழு வாக்கியம் ஒன்று இருக்கும். அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அதற்கும் கீழே நடுவில் இடைவெளி விட்ட இன்னொரு வாக்கியம் இருக்கும். கொடுத்த சொல்லை எந்த மாற்றமும் செய்யாமல் பயன்படுத்தி, இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் இடைவெளியை நிரப்ப வேண்டும். பொருள் மாறக் கூடாது. இப்படி 6 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். விடையை இரண்டு பாதியாகப் பிரித்துப் பாதிக்கு ஒரு மதிப்பெண் என்று திருத்துகிறார்கள். அடுத்த படியான சி1 அட்வான்ஸ்டு தேர்விலும் கேள்வி இதே வகைதான். அங்கே சொல் வரம்பு மூன்று முதல் ஆறு.

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். முதல் வாக்கியம்: 'எ பில்டர் இஸ் கோயிங் டு ரிப்பேர் மை ரூஃப் டுமாரோ.' நாளை ஒரு கொத்தனார் என் கூரையைச் சரிசெய்யப் போகிறார். கொடுத்த சொல் 'ஹேவிங்'. இரண்டாம் வாக்கியம் 'ஐ' என்று தொடங்கி, இடைவெளி விட்டு, 'பை எ பில்டர் டுமாரோ' என்று முடிகிறது.

இங்கே கொடுத்த சொல்லைவிட இரண்டாம் வாக்கியத்தின் முதல் சொல்லை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அது 'மை ரூஃப்' என்று தொடங்கியிருந்தால் வெறும் செயப்பாட்டு வினை போதும். கூரை சரிசெய்யப்படும், அவ்வளவுதான். ஆனால் தொடக்கத்தில் நிற்பது கூரையும் அல்ல, கொத்தனாரும் அல்ல. கூரைக்குச் சொந்தக்காரர் நிற்கிறார். வேலை செய்தவர் 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் கடைசியில் தள்ளப்பட்டிருக்கிறார். வேலையைச் செய்யாத சொந்தக்காரர் எழுவாய் இடத்துக்கு வந்துவிட்டால் தேவைப்படுவது இந்தச் செய்விக்கும் அமைப்புத்தான்.

இனிக் காலம். 'இஸ் கோயிங் டு' என்பது ஏற்பாடாகிவிட்ட எதிர்காலம். கொடுத்த சொல்லும் 'இங்' என்று முடிவதால் அதன் முன்னே 'ஆம்' வர வேண்டும். அடுத்து, செய்யப்படும் பொருளான 'மை ரூஃப்'. அதன் பிறகு வினையின் மூன்றாம் வடிவமான 'ரிப்பேர்டு'. ஆக விடை 'ஆம் ஹேவிங் மை ரூஃப் ரிப்பேர்டு'. எண்ணினால் சரியாக ஐந்து சொற்கள். 'ஆம் ஹேவிங்' ஒரு பாதி, 'மை ரூஃப் ரிப்பேர்டு' மறு பாதி என்று இது இயல்பாகப் பிரியும்.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் சொல் வரிசையில்தான். 'ஹேவிங் ரிப்பேர்டு மை ரூஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். கடந்த காலத்தில் இதே தவறு நேர்ந்தால் அதைக் கண்டுபிடிப்பதே கடினம், ஏனென்றால் அங்கே இரண்டு வரிசையுமே நல்ல ஆங்கிலம். 'ஐ ஹேட் மை ரூஃப் ரிப்பேர்டு' என்றால் ஆள் வைத்துச் சரிசெய்தேன். 'ஐ ஹேட் ரிப்பேர்டு மை ரூஃப்' என்றால் வேறொன்று நடப்பதற்கு முன்பே நானே ஏறிச் சரிசெய்திருந்தேன். ஒரே ஐந்து சொற்கள்தான். பொருள் இடம்பெறும் இடம் மாறியதும் வேலை செய்த ஆளே மாறிவிடுகிறார். இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படாததால் திரும்பப் படித்தாலும் சரியாகவே தோன்றும்.

ஹேவ், கெட் இரண்டுக்கும் பின்னால் எந்த வினை வடிவம் வரும் என்பதைப் பலர் வாய்பாடாக மனப்பாடம் செய்கிறார்கள்: பொருள் வந்தால் மூன்றாம் வடிவம், ஆள் வந்தால் முதல் வடிவம் என்று. பெரும்பாலான நேரம் இது ஒத்துவரும், ஆனால் முழு உண்மை அல்ல. 'ஐ ஹேட் த டாக்டர் எக்ஸாமின் மை சன்' என்ற வாக்கியத்தில் ஹேட் என்பதற்குப் பின்னால் நிற்பவர் டாக்டர். பரிசோதிப்பவர் அவர், எனவே வினை முதல் வடிவத்தில் நிற்கிறது. 'ஐ ஹேட் மை சன் எக்ஸாமிண்டு' என்ற வாக்கியத்தில் நிற்பது என் மகன். அவனும் ஆள்தான், ஆனால் அவன் பரிசோதிக்கப்படுகிறான், எனவே மூன்றாம் வடிவம். ஆளா பொருளா என்று பார்ப்பதை விட்டு, நடுவில் நிற்பவர் செய்கிறாரா, அவருக்குச் செய்யப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டால் எந்தக் கேள்வியிலும் தடுமாற்றம் வராது.

ஆள் செய்கிற வகையில் ஹேவ், கெட், மேக் மூன்றும் பிரியும் இடம் ஒன்று உண்டு. ஹேவ், மேக் இரண்டுக்கும் பின்னால் 'டு' வராது. கெட் என்றால் 'டு' வந்தே ஆக வேண்டும். பொருளும் வேறு. ஹேவ் என்பதில் வேலையை ஒப்படைக்கும் தொனி இருக்கிறது: அது அவருடைய தொழில், சொன்னேன், செய்தார். இந்த வகை அமெரிக்க ஆங்கிலத்தில் கூடுதலாகப் புழங்குகிறது. கெட் என்பதில் கொஞ்சம் முயற்சி இருக்கிறது: கேட்டு, சொல்லிப் பார்த்து, இணங்க வைத்துச் செய்யச் சொன்னது. மேக் என்றால் கட்டாயம். அவருக்கு விருப்பம் இருந்ததா என்ற பேச்சே இல்லை.

நம் 'செய்ய வைத்தேன்' இந்த மூன்றையுமே தாங்கும் என்பதால் நம்மவர்கள் கை தானாக மேக் என்பதை நோக்கிப் போகிறது. 'ஐ மேட் த மெக்கானிக் டு ரிப்பேர் மை பைக்' என்று எழுதினால் இரண்டு இடத்தில் அடி விழும். மேட் என்பதற்குப் பின்னால் 'டு' தவறு. அதை நீக்கினாலும், மெக்கானிக்கை மிரட்டி வேலை வாங்கியது போல ஆகிவிடும். இதே மேக் செயப்பாட்டு வினைக்கு மாறும்போது மட்டும் 'டு' திரும்ப வந்துவிடும். ஆசிரியர் எங்களைத் திரும்ப எழுத வைத்தார் என்பதை 'வீ வேர் மேட் டு ரீரைட் இட்' என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு 'டு'வுக்காகவே இப்படியொரு கேள்வியை அமைப்பதுண்டு.

இணங்க வைக்கும் வகைக்கு ஒரு கேள்வி. 'ஐ பெர்சுவேடட் மை சிஸ்டர் டு லெண்ட் மீ ஹர் பைக்.' கொடுத்த சொல் 'காட்'. இரண்டாம் வாக்கியம் 'ஐ' என்று தொடங்கி 'மீ ஹர் பைக்' என்று முடிகிறது. பெர்சுவேட் என்ற சொல்லே இது கெட் வகை என்று காட்டிக்கொடுக்கிறது. நடுவில் வரப்போகும் அக்கா கடன் கொடுப்பவர், கொடுக்கப்படுபவர் அல்ல. எனவே 'காட் மை சிஸ்டர் டு லெண்ட்'. இதுவும் ஐந்து சொற்கள். 'டு' விட்டுப்போனால் நான்கு சொற்கள் ஆகும். வரம்புக்குள் இருப்பதால் சொல் எண்ணிக்கை எச்சரிக்காது, ஆனால் ஒரு மதிப்பெண் போய்விடும்.

கேள்வியும் எதிர்மறையும் வரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. இந்த அமைப்பில் ஹேவ் என்பது துணைவினை அல்ல. அதுதான் முதன்மை வினை. ஆகவே சாப்பிடு, போ போன்ற மற்ற வினைகளைப் போல அதற்கும் 'டு', 'டிட்' துணைக்கு வர வேண்டும். நீ கடைசியாக எப்போது முடி வெட்டிக்கொண்டாய் என்று கேட்க, 'வென் டிட் யூ லாஸ்ட் ஹேவ் யுவர் ஹேர் கட்' என்பதே வழக்கு. டிட் கடந்த காலத்தை எடுத்துக்கொண்டுவிட்டதால் ஹேவ் அப்படியே நிற்கிறது. ஹேட் என்று எழுதத் துடிக்கும் கையை இங்கே தடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கேள்வியும் உண்டு. 'இட் இஸ் டூ இயர்ஸ் சின்ஸ் எனிஒன் டெஸ்டட் மை ஐஸ்.' என் கண்ணைப் பரிசோதித்து இரண்டு வருடம் ஆகிறது. கொடுத்த சொல் 'ஹேட்'. இரண்டாம் வாக்கியத்தில் 'ஐ ஹேவ் நாட்' என்பது ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. முடிவில் 'ஃபார் டூ இயர்ஸ்'. பார்த்தவுடன் ஹேவ் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு ஹேட் எதற்கு என்று தோன்றும். முன்னால் இருக்கும் ஹேவ் காலத்தைக் காட்டும் துணைவினை. செய்விக்கும் ஹேவ் இன்னும் வரவில்லை. அது மூன்றாம் வடிவத்தில் ஹேட் என்று வர வேண்டும். விடை 'ஹேட் மை ஐஸ் டெஸ்டட்'. இரண்டு ஹேவ்களும் வேறு வேறு வேலை பார்க்கின்றன என்று புரிந்துவிட்டால் 'ஹேட் ஹேட்' என்று அடுத்தடுத்து வரும் வாக்கியத்தைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை.

கடைசியாக, யாரும் ஏற்பாடு செய்யாத ஒன்று. 'ஹி ஹேட் ஹிஸ் வாலெட் ஸ்டோலன் ஆன் த பஸ்.' அமைப்பு முன்பு பார்த்ததேதான், ஆனால் அவர் ஆள் வைத்துத் தன் பர்ஸைத் திருடச் சொல்லவில்லை. பேருந்தில் பர்ஸைப் பறிகொடுத்தார். தனக்கு நேர்ந்த கெடுதியைச் சொல்லவும் ஆங்கிலம் இதே அச்சைப் பயன்படுத்துகிறது. 'சம்ஒன் ஸ்டோல் ஹிஸ் வாலெட்' என்று கேள்வி கொடுத்து 'ஹேட்' என்ற சொல்லையும் தந்தால், செய்விக்கவே இல்லையே என்று யோசித்துப் பலர் 'ஹேட் பீன் ஸ்டோலன்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பர்ஸ் இருந்த இடத்தில் அந்த மனிதரே திருடு போய்விடுகிறார். இரண்டாம் வாக்கியம் 'ஹி' என்று தொடங்குகிறது, திருடு போனது அவருடைய பொருள். இந்த இரண்டையும் பார்த்தாலே 'ஹேட் ஹிஸ் வாலெட் ஸ்டோலன்' என்று எழுதிவிடலாம். சில வாக்கியங்கள் இரு பக்கமும் பொருள் தரும். 'ஷி ஹேட் ஹர் விண்டோ புரோக்கன்' என்பதைத் தனியே படித்தால், கண்ணாடி உடைபட்டதா, சாவி தொலைந்ததால் அவரே உடைக்கச் சொன்னாரா என்று சொல்ல முடியாது. தேர்வில் அந்தச் சந்தேகத்தை மேலே உள்ள முதல் வாக்கியம் தீர்த்துவிடும். இரண்டு பொருளுக்கும் எழுத வேண்டிய விடை ஒன்றுதான்.